குரூப் போட்டோவில் ஆள் மாற்றி டேக் செய்துவிட்டேன், தோழிக்கு என்ன எழுதுவது?

மாலதி (திங்கள், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மன்னிப்புச் செய்தியை இரண்டு மணி நேரமாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன், படித்துவிட்டு வழி சொல்லுங்கள்.

நாங்கள் 1999-ல் பிளஸ் டூ முடித்தவர்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை பள்ளியிலேயே கூடினோம். வேப்பமரத்தடியில் 34 பேர் மூன்று வரிசையாக நின்று ஒரு குரூப் போட்டோ. வீட்டுக்கு வந்து இரவு 11 மணிக்கு அதை ஃபேஸ்புக்கில் போட்டு, ஒவ்வொரு முகமாகத் தொட்டு டேக் செய்தேன். எங்கள் செட்டில் இரண்டு தேன்மொழி. ஏ பிரிவுத் தேன்மொழி வந்திருந்தாள், நடு வரிசையில் மூன்றாவது. பி பிரிவுத் தேன்மொழிதான் என் நெருங்கிய தோழி. அவளை நாங்கள் தேனு என்போம். அவள் வரவில்லை. மாமியாருக்கு மூச்சுத்திணறல் என்று வெள்ளிக்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியில் கூடவே இருக்கிறாள்.

பெயரைத் தட்டினேன், இரண்டு பெயர் வந்தது. ஒன்று Thenmozhi S, இன்னொன்று Thenmozhi Saravanan. ஒன்றில் ரோஜாப்பூ படம், இன்னொன்றில் ஒரு குழந்தை படம். அவசரத்தில் தேனுவைத் தொட்டுவிட்டேன். ஏ பிரிவுத் தேன்மொழியின் முகத்தில் தேனுவின் பெயர் உட்கார்ந்துவிட்டது.

அதே ஞாயிறன்று தேனுவின் சித்தி மகள் வீட்டில் கிரகப்பிரவேசம். "அத்தையை விட்டுட்டு நகர முடியல, வரமுடியாது" என்று தேனு அவர்களிடம் சொல்லியிருக்கிறாள். இன்று காலை அந்தச் சித்தி மகள் போட்டோவைப் பார்த்திருக்கிறாள். "எங்க வீட்டுக்கு வர நேரமில்ல, பள்ளிக்கூடத்துக்குப் போக நேரமிருக்கு" என்று அவள் அம்மாவிடம் சொல்லி, அது சித்தி மூலம் தேனுவுக்குப் போயிருக்கிறது. இன்று மாலை 6 மணிக்குத் தேனு எனக்கு அனுப்பியது ஒரே ஒரு வரி: "நான் வரலையே மாலு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. உடனே டேக்கை எடுத்துவிட்டேன். இப்போது இதை அனுப்பலாமா?

"தேனு, ஸாரிடி. உன் மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிடு. ராத்திரி பதினொரு மணி, கண்ணெல்லாம் எரிஞ்சுது. உங்க ரெண்டு பேர் பேரும் ஒண்ணு, டிபில ஆளையே காணோம், எனக்கு எப்படித் தெரியும். யாரா இருந்தாலும் இந்தத் தப்பு நடந்திருக்கும். டேக் எடுத்துட்டேன். பெரிசா எடுத்துக்காத."

கோபி (திங்கள், இரவு 9.58)

இதில் உங்கள் தவறு என்ன இருக்கிறது அக்கா? ஃபேஸ்புக்கே முகத்தைப் பார்த்துப் பெயரைக் காட்டும், நாம் ஓகே கொடுப்போம், அவ்வளவுதான். மெஷின் காட்டிய தவறு என்று தோழியிடம் சொல்லிவிடுங்கள். டேக்கை எடுத்ததும் எல்லோரிடமிருந்தும் அது போய்விடும். பிறகு பேச என்ன இருக்கிறது?

சுந்தர் (திங்கள், இரவு 10.25)

கோபி தம்பி, நீங்கள் சொல்வது பழைய கதை. முகத்தை அடையாளம் கண்டு பெயர் பரிந்துரைக்கும் வசதி இருந்தது உண்மைதான். 2021 நவம்பரில் அதை நிறுத்துவதாக அந்த நிறுவனமே அறிவித்து, நூறு கோடிக்கும் அதிகமானவர்களின் முக அடையாளப் பதிவுகளை அழிப்பதாகச் சொன்னது. மாலதி செய்தது கையால் பெயரைத் தட்டி, வந்த பட்டியலிலிருந்து தொட்டது. மெஷின் மேல் பழி போட்டால் அது பொய்யாகிவிடும். மன்னிப்புச் செய்திக்குள் ஒரு பொய்யை வைக்கக் கூடாது.

மாலதி, நான் எங்கள் ஊர்ச் சங்கத்தின் பக்கத்தைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பெயர்க் குழப்பம் நம் ஊரில் அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கணக்கு தொடங்கும்போது இரண்டாவது பெயர் கேட்கிறார்கள் என்று ஒருவர் இனிஷியலைப் போடுவார், ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், கல்யாணமான பெண்கள் கணவர் பெயருக்கு மாற்றுவார்கள். பள்ளியில் தெரிந்த பெயர் ஒன்று, திரையில் இருப்பது இன்னொன்று.

ஆனால் உங்கள் தோழிக்கு வலித்த இடம் பெயர் மாறியது அல்ல என்று நினைக்கிறேன். ஒருவரை டேக் செய்தால் "இவர் அன்று அங்கே இருந்தார்" என்று நாம் சாட்சி சொன்னதாகிறது. அந்தச் சாட்சி யார் யாரிடம் போகிறது என்று பாருங்கள். நீங்கள் உங்கள் நண்பர்களுக்கு மட்டும் என்று போட்டாலும், டேக் செய்தவுடன், நீங்கள் தனியாக மாற்றி வைக்காதவரை, டேக் செய்யப்பட்டவரின் நண்பர்களும் அதைப் பார்க்கலாம். சித்தி மகள் உங்களுக்கு நண்பரா?

மாலதி (திங்கள், இரவு 10.31)

இல்லை சார். அவளை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. எப்படிப் பார்த்தாள் என்று நானும் யோசித்தேன்.

சுந்தர் (திங்கள், இரவு 10.44)

இந்த வழியாகத்தான் பார்த்திருப்பார். நேற்று இரவு 11-லிருந்து இன்று மாலை 6 வரை, 19 மணி நேரம், தேனுவின் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் உங்கள் படம் திறந்து கிடந்திருக்கிறது. டேக்கை எடுத்தால் இனிமேல் புதிதாகப் பார்ப்பவர்களுக்குத்தான் அது நிற்கும். பார்த்துவிட்டவர்கள் கண்ணிலிருந்து எடுக்க முடியாது.

செய்தி அனுப்பும் முன் மூன்றைச் சரிபாருங்கள். படத்துக்கு மேலே எழுதிய வரியில் அவள் பெயரைச் சேர்த்திருந்தால் அது தனி, முகத்தில் உள்ள டேக்கை எடுத்தாலும் அது போகாது. இரண்டாவது, கீழே யாராவது அவளிடம் பேசுவது போலக் கமென்ட் போட்டிருந்தால் அதுவும் அப்படியே இருக்கும். மூன்றாவது, யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்களா என்று கேளுங்கள். படத்தை மட்டும் இறக்கி அனுப்பினால் டேக் கூடவே போகாது, ஸ்கிரீன்ஷாட்டில் பெயர் தெரிந்திருந்தால் போகும். இதையெல்லாம் பார்க்காமல் "எல்லாம் எடுத்துட்டேன்" என்று எழுதினால், நாளை அவள் ஒரு கமென்டைப் பார்ப்பாள், இரண்டாவது மன்னிப்பு கேட்க வேண்டி வரும்.

ராஜேஸ்வரி (திங்கள், இரவு 11.02)

மாலதி, உங்களை யாராவது தவறாக டேக் செய்தால் பயப்பட வேண்டாம். படத்தைத் திறந்து மூன்று புள்ளியைத் தொட்டால் டேக்கை நீங்களே எடுத்துவிடலாம். செட்டிங்கில் "நான் பார்த்து அனுமதித்த பிறகே" என்று மாற்றிவைத்தால் இனி யாருமே பார்க்க முடியாது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

சுந்தர் (திங்கள், இரவு 11.10)

ராஜேஸ்வரி அம்மா, மாலதி டேக் செய்தவர், செய்யப்பட்டவர் அல்ல. அப்புறம் அந்த செட்டிங் உங்கள் பக்கத்தில் அந்தப் பதிவு வராமல்தான் தடுக்கும். போட்டவரின் பக்கத்திலும் மற்றவர்கள் பார்க்கும் ஃபீடிலும் உங்கள் பெயரோடுதான் இருக்கும். யாருமே பார்க்க முடியாது என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

ராஜேஸ்வரி (திங்கள், இரவு 11.15)

அப்படியா? இத்தனை நாள் தெரியாமல் இருந்துவிட்டேன். மாலதி, மாற்றிப் புரிந்துகொண்டதற்கு மன்னிக்கவும்.

நளினி (செவ்வாய், காலை 6.50)

நான் மறுபக்கத்தில் இருந்தவள், அதனால் சொல்கிறேன். என் தங்கை கல்யாண ஆல்பத்தைப் போட்ட உறவுக்காரப் பெண், என் படத்தில் "மணப்பெண்ணின் அம்மா" என்று எழுதி என்னையே டேக் செய்திருந்தாள். எங்கள் அம்மா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. போன் செய்து சிரித்துக்கொண்டே "அக்கா, கவனிக்கல, ஸாரி ஸாரி" என்றாள். அந்தத் தவறு எனக்கு மறந்துவிட்டது. அந்தச் சிரிப்பு இன்னும் மறக்கவில்லை.

உங்கள் செய்தியில் "கஷ்டப்பட்டிருந்தா" என்று ஒரு வார்த்தை இருக்கிறது பாருங்கள். கஷ்டப்பட்டாள் என்று உங்களுக்கே தெரியும், "நான் வரலையே" என்று எழுதியிருக்கிறாள். தெரிந்த பிறகும் "இருந்தா" என்று போட்டால், கஷ்டப்பட்டாளா இல்லையா என்று நிரூபிக்கும் வேலையை அவள் தலையில் வைக்கிறீர்கள். "பெரிசா எடுத்துக்காத" என்பதும் அப்படித்தான். எவ்வளவு பெரிசு என்று அளப்பது அவள் பாடு. "எனக்கு எப்படித் தெரியும்" என்பது சண்டைக்கு இழுப்பது போல இருக்கிறது, கோபத்தில் இருப்பவள் படித்தால் அப்படித்தான் கேட்கும்.

கோபி (செவ்வாய், காலை 7.20)

முகம் கண்டுபிடிக்கும் விஷயத்தில் நான் சொன்னது தவறுதான், சுந்தர் அண்ணா சொன்ன பிறகு தேடிப் பார்த்தேன். ஆனால் நளினி அக்கா, நெருங்கிய தோழிகளுக்குள் இவ்வளவு யோசித்து எழுதினால் ஆபீஸ் கடிதம் மாதிரி ஆகிவிடாதா? நாங்கள் நண்பர்கள் "ஸாரிடா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவோம்.

நளினி (செவ்வாய், காலை 7.41)

உங்கள் நண்பர் கடைக்கு வராமல் போனதற்கு அது போதும் தம்பி. இங்கே சித்தி வீட்டில் அவள் பொய்க்காரி என்று பெயர் எடுத்திருக்கிறாள். "மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்" என்று மேடைத் தமிழில் எழுதச் சொல்லவில்லை. "மன்னிச்சிடுடி" என்றே இருக்கட்டும். அதற்கு முன்னால் எதற்காக என்பது முழுதாக இருக்க வேண்டும், அதைத்தான் சொல்கிறேன்.

பழனியப்பன் (செவ்வாய், காலை 9.05)

அம்மா மாலதி, நான் ஒரு மாவட்டப் பத்திரிகையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். குரூப் போட்டோவுக்கு "இடமிருந்து வலமாக" எழுதுவது எங்கள் வேலையில் மிகவும் பயந்து செய்த வேலை. உட்கார்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள் என்று இரண்டு வரிசை. நடுவில் ஒருவர் பாதி முகம் மட்டும் தெரிய நிற்பார், பெயர்ப் பட்டியலில் அவரை விட்டிருப்பார்கள். அவருக்கு அடுத்து நிற்பவர் பெயர் அவர் மேல் விழும், அதிலிருந்து கடைசி வரை எல்லாப் பெயரும் ஒரு ஆள் தள்ளிப்போகும். அதனால் தலைகளை எண்ணுவோம், பெயர்களை எண்ணுவோம். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் அச்சுக்குப் போகும். நீங்கள் 34 பேருக்கு அப்படி எண்ணிப் பார்த்தீர்களா? ஒரு பெயர் தவறு என்றால் இன்னொன்றும் இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். மறுநாள் பிழை திருத்தம் போடும்போது, படத்தில் இருந்தவர் யார் என்று எழுதுவோம். இல்லாதவர் பெயரை மறுபடி அச்சில் ஏற்றமாட்டோம். ஏற்றினால், முதல் நாள் படிக்காதவர்களுக்கும் அந்தத் தவறைச் சொல்லிக் கொடுத்தது போல ஆகிவிடும். படத்தின் கீழே "நடு வரிசையில் மூன்றாவதாக இருப்பவர் ஏ பிரிவுத் தேன்மொழி. நான் முதலில் தவறாகக் குறித்திருந்தேன், திருத்திவிட்டேன்" என்று மட்டும் போடுங்கள். உங்கள் தோழியின் பெயர் அங்கே வேண்டாம்.

சுந்தர் (செவ்வாய், காலை 9.30)

ஐயா சொல்வது பத்திரிகைக்குச் சரி. இங்கே எனக்கு ஒரு சந்தேகம். டேக்கை எடுத்துவிட்டதால் தேனுவின் உறவினர்கள் இனி அந்தப் படத்துக்கு வரமாட்டார்கள், பொதுவில் போட்டிருந்தால் தவிர. அப்படியென்றால் அங்கே எழுதும் திருத்தத்தைச் சித்தி மகள் படிக்கவே போவதில்லை. பார்க்க வேண்டியவருக்குப் போய்ச் சேராத திருத்தத்தால் தேனுவுக்கு என்ன பயன்? மாலதி நேராகச் சித்தி மகளிடமே பேசினால்தான் தீரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நளினி (செவ்வாய், காலை 9.52)

அவளைக் கேட்காமல் பேசக் கூடாது! சித்தி வீட்டுக்கும் அவளுக்கும் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ, நமக்குத் தெரியாது. முன்பின் தெரியாத ஒருத்தி போன் செய்து "அவ வரலைங்க" என்றால், ஆளை வைத்துச் சமாதானம் பேசுகிறாள் என்றுகூட நினைப்பார்கள். பேசட்டுமா என்று தேனுவிடம் கேளுங்கள், அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பழனியப்பன் (செவ்வாய், காலை 10.20)

கேட்பது சரிதான். ஆனால் ஆஸ்பத்திரியில் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் "என்ன செய்யட்டும், நீயே சொல்" என்று முடிவெடுக்கும் பாரத்தையும் கொடுக்கிறோம். எனக்கு இதில் முழுத் தெளிவு இல்லை.

மாலதி (செவ்வாய், மதியம் 1.15)

எல்லோருக்கும் நன்றி. பழனியப்பன் ஐயா சொன்னபடி எண்ணிப் பார்த்தேன். 34 தலை, 26 டேக். மீதி எட்டுப் பேருக்கு ஃபேஸ்புக்கில் கணக்கு இல்லை. வேறு தவறு இல்லை. சுந்தர் சார் சொன்னபடி மேலே எழுதிய வரியைப் பார்த்தேன், அதில் பெயர்கள் இல்லை. ஆனால் கீழே மூன்று கமென்ட் இருந்தது. ஒன்று வேறு ஊரிலிருந்து வரமுடியாத ஒருத்தி போட்டது: "தேனு எவ்ளோ மெலிஞ்சுட்டா! ஆளே அடையாளம் தெரியல." அதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டேக்கை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேனே, இது நேற்று முழுவதும் அங்கேயே இருந்திருக்கிறது. எழுதியவளிடம் சொல்லிவிட்டு அதையும் மற்ற இரண்டையும் நீக்கினேன். ஸ்கிரீன்ஷாட் எதுவும் எங்கள் பள்ளி வாட்ஸப் குழுவில் இல்லை. சித்தி வீட்டுப் பக்கம் என்ன போனது என்று எனக்குத் தெரிய வழியில்லை.

திருத்தி எழுதியது இது:

"தேனு, ஞாயித்துக்கிழமை ராத்திரி நான் போட்ட போட்டோவுல ஏ செக்‌ஷன் தேன்மொழி முகத்துல உன் பேரை டேக் பண்ணிட்டேன். ரெண்டு பேர்ல எதுன்னு திறந்து பார்க்காம தொட்டது என் தப்பு. நேத்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அது அப்படியே இருந்துச்சு, உன் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்டுல இருக்கிறவங்க எல்லாரும் பார்த்திருக்கலாம். நீ அத்தை பக்கத்துலயே இருந்தப்ப, நீ ஊர் சுத்தப் போன மாதிரி நான் ஆக்கிட்டேன். அதனால சித்தி வீட்டுல நீ பேச்சு வாங்கினது என்னாலதான். மன்னிச்சிடுடி.

டேக்கை எடுத்துட்டேன். கீழ உன் பேரைச் சொல்லி இருந்த மூணு கமென்டையும் எடுத்தாச்சு. உங்க சித்தி மகள்கிட்ட, நீ அங்க வரலை, தப்பு என்னோடதுன்னு நான் பேசத் தயாரா இருக்கேன். நீ சொன்னா மட்டும் பேசறேன். இப்போ பதில் போடணும்னு இல்ல. அத்தைக்கு எப்படி இருக்கு?"

நளினி (செவ்வாய், மதியம் 1.40)

இது வேறு செய்தி. "ஊர் சுத்தப் போன மாதிரி நான் ஆக்கிட்டேன்" என்ற வரி போதும், அவள் என்ன பட்டாள் என்று உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கடைசி வரியை மட்டும் முதலில் போடுங்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியில் இருப்பவளிடம் முதலில் கேட்க வேண்டியது அது.

கோபி (செவ்வாய், மதியம் 2.05)

எனக்கு ஒரே கேள்வி. எழுத்தாக அனுப்புவதா, வாய்ஸ் மெசேஜா? குரலில் சொன்னால் வருத்தம் நன்றாகத் தெரியுமே.

சுந்தர் (செவ்வாய், மதியம் 2.18)

வார்டில் சத்தமாக வைத்துக் கேட்க முடியாது. அப்புறம் எழுத்தாக இருந்தால் அவள் விரும்பினால் அதையே சித்தி மகளுக்கு அனுப்பலாம், எது எப்போது நடந்தது என்று எல்லாம் அதில் இருக்கிறது. எழுத்தே நல்லது.

மாலதி (புதன், இரவு 8.30)

நேற்று மதியம் மூன்று மணிக்கு அனுப்பினேன், நளினி சொன்னபடி அத்தையைக் கேட்டதை முதல் வரியாக வைத்து. உடனே பார்த்துவிட்டாள், நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. இரவு முழுக்க அந்த இரண்டு டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை பதில் வந்தது. "அத்தைக்கு ஆக்சிஜன் எடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம்னு டாக்டர் சொன்னார். உன் மெசேஜை அப்படியே சித்திக்கு அனுப்பிட்டேன், நீ பேச வேண்டாம். அவ இன்னும் ஒண்ணும் சொல்லலை." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "அந்த போட்டோவை எனக்கு அனுப்பு. வேப்பமரம் இன்னும் இருக்கா?"

அனுப்பினேன். சித்தி மகள் சமாதானம் ஆனாளா என்று தெரியாது.

பழனியப்பன் (புதன், இரவு 9.00)

மகிழ்ச்சி அம்மா. ஒன்று கேட்க மறந்தோம். நடு வரிசையில் மூன்றாவதாக இருந்தாரே, ஏ பிரிவுத் தேன்மொழி. 19 மணி நேரம் அவர் முகத்தில் இன்னொருவர் பெயர் இருந்தது. அவரிடம் சொன்னீர்களா?

மாலதி (புதன், இரவு 9.12)

இல்லை ஐயா. டேக்கை மட்டும் அவள் பெயருக்கு மாற்றினேன், அறிவிப்பு போயிருக்கும். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் திருப்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள், கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து நாற்காலி போட்டவள். அவளிடம் எழுத்து வேண்டாம், இப்போதே போன் செய்கிறேன்.